நாள் முடிவுக்குள் என்றால் எத்தனை மணிக்குள்?

பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நோட்டீசுக்குப் பதில் கொடுக்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன். ‘அலுவலக நேரம் முடிவதற்குள் பதில் வந்து சேர வேண்டும்’ என்று நோட்டீசில் இருந்தது. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் வேலை நேரம் காலை 10 மணி முதல் மாலை 5.45 வரை. நான் படியேறும்போது 5.20. இன்னும் 25 நிமிடம் இருக்கிறது என்று நிதானமாகத்தான் போனேன். தபால் பிரிவில் இருந்தவர் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். “அஞ்சு மணிக்கு மேல தபால் எடுக்கறதில்ல சார். வேணும்னா வெச்சிட்டுப் போங்க, நாளைத் தேதி போட்டு சீல் வெச்சிடறேன்” என்றார்.

அலுவலகம் திறந்திருந்தது, விளக்கு எரிந்தது, ஆட்கள் இருந்தார்கள். ஆனால் என் தாளை வாங்கிக்கொள்ள வேண்டிய மேசைக்கு நேரம் முடிந்துவிட்டது. மேல்மாடிக்கு ஓடிக் கண்காணிப்பாளரைப் பிடித்து, என் கையிலிருந்த நகலில் ‘மாலை 5.30-க்கு நேரில் பெறப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கி வந்தேன். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நான் ஒரு நாள் தாமதம்.

இப்போது இதே சிக்கல் மின்னஞ்சலில் ஆங்கில வேடத்தில் வருகிறது. ‘குளோஸ் ஆஃப் பிசினஸுக்குள் உறுதி செய்யவும்’, ‘எண்ட் ஆஃப் டேக்குள் அனுப்பவும்’ என்று வெளிநாட்டு பையரும், வங்கியும், சென்னையிலிருக்கும் தலைமை அலுவலகமும் எழுதுகிறார்கள். சுருக்கி சி.ஓ.பி., இ.ஓ.டி. என்றும் போடுகிறார்கள். எழுதுகிறவர் மனதில் ஒரு மணி இருக்கிறது. படிக்கிறவர் மனதில் வேறொரு மணி. இரண்டு சொற்களையும் ஒன்றாகக் கருதிக் குழப்பிக்கொள்கிறவர்களே அதிகம். ஆனால் அவை பிறந்த இடமே வேறு. ஒன்று கடையின் கதவிலிருந்து வந்த சொல், மற்றொன்று காலண்டரிலிருந்து வந்த சொல்.

கடைக் கதவு

‘குளோஸ் ஆஃப் பிசினஸ்’ என்றால் அன்றைய அலுவல் முடியும் நேரம், கடையின் ஷட்டரை இறக்கும் நேரம். உடனே கேட்க வேண்டியது: யாருடைய கடை?

நம் நாட்டில் இதற்கான பதில் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. இன்ன நாளில் ஒன்றைச் செய்துதருவேன் என்று ஒருவர் ஒப்புக்கொண்டு, அதை மற்றவர் கேட்காமலே செய்ய வேண்டியிருந்தால், அந்த நாளின் வழக்கமான அலுவல் நேரத்துக்குள், செய்ய வேண்டிய இடத்தில் செய்யலாம் என்கிறது 47-ஆம் பிரிவு. அதற்குச் சட்டமே ஓர் எடுத்துக்காட்டும் தருகிறது. ஜனவரி 1 அன்று ஒருவர் மற்றவரின் கிடங்கில் சரக்கைக் கொண்டுவந்து சேர்ப்பதாக ஒப்புக்கொள்கிறார். அதே நாளில் கொண்டும் வருகிறார். ஆனால் கிடங்கு வழக்கமாக மூடும் நேரம் தாண்டிவிட்டது, சரக்கை இறக்கிக்கொள்ளவில்லை. அவர் வாக்கை நிறைவேற்றவில்லை என்பதுதான் சட்டத்தின் முடிவு. தேதி சரி, மணி தவறு.

அந்தச் சிறு எடுத்துக்காட்டில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. வண்டி கிளம்பிய ஊரின் நேரம் கணக்கில் வரவில்லை. சரக்கு இறங்க வேண்டிய கிடங்கின் நேரம்தான் வருகிறது. அடுத்து, சட்டம் ஐந்து மணி, ஆறு மணி என்று எந்த எண்ணையும் போடவில்லை. ‘வழக்கமாக’ மூடும் நேரம் என்றுதான் சொல்கிறது. ஆக அது ஒவ்வொரு இடத்துக்கும் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டிய நடப்பு. கரோல்பாக் மொத்தக் கடைக்கு ஒரு நேரம், வங்கிக் கிளைக்கு ஒரு நேரம், திருப்பூர் தையல் கம்பெனிக்கு ஒரு நேரம்.

இதை மறந்து ‘சி.ஓ.பி. என்றால் மாலை 5 மணி’ என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்கள் லண்டனில் நடந்த ஒரு வழக்கைப் பார்க்க வேண்டும். 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸின் லண்டன் நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குள் போனது. அதனுடன் கடன்பத்திரக் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த எக்ஸான்மொபில் குழும நிறுவனம் ஒன்று, ஒப்பந்தப்படி தன் மதிப்பீட்டு நோட்டீசைக் குறிப்பிட்ட கெடுவுக்குள் சேர்ப்பிக்க வேண்டியிருந்தது. ஃபேக்ஸ் செப்டம்பர் 22 மாலை 5.54-க்குப் போய் விழுந்தது. அலுவல் முடிந்த பிறகு வரும் நோட்டீஸ் அடுத்த வேலைநாளில் வந்ததாகவே கொள்ளப்படும் என்பது ஒப்பந்தம். லேமன் தரப்பு, ‘அலுவல் 5 மணிக்கு முடிந்துவிட்டது, இது தாமதம்’ என்றது. எக்ஸான் தரப்பு, இந்தத் தொழிலில் இருக்கும் நிறுவனங்களுக்கு அலுவல் 7 மணி வாக்கில்தான் முடியும் என்று சாட்சியம் வைத்தது. 2016-இல் தீர்ப்புச் சொன்ன நீதிபதி பிளேர், ஃபேக்ஸ் நேரத்தோடு வந்தது என்றே முடிவு செய்தார். லண்டனின் ஒரு முதலீட்டு வங்கி 5 மணிக்குக் கடையைச் சாத்திவிடும் என்று அந்தத் தொழிலைத் தெரிந்த யாரும் நினைக்க மாட்டார்கள். மணியைக் கறாராக வைக்க விரும்பியிருந்தால் இரு தரப்பும் அதை எழுதியே வைத்திருக்கலாம். எழுதவில்லை என்றால் சொல்லில் இருக்கும் நெகிழ்வையும் ஏற்றுக்கொண்டதாகத்தான் பொருள்.

54 நிமிட வித்தியாசம், தீர்ப்பு வந்தது எட்டு ஆண்டு கழித்து. எக்ஸான் ஜெயித்தது என்பதற்காக நாமும் 5.54-க்கு அனுப்பலாம் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த 7 மணியை நிரூபிக்க அவர்கள் சாட்சி கொண்டுவர வேண்டியிருந்தது. சிறு வியாபாரிக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

காலண்டர்த் தாள்

‘எண்ட் ஆஃப் டே’ கொஞ்சம் வழுக்கலான சொல். நாள் என்றால் எது? நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பஞ்சாங்கப்படி நாள் சூரியன் உதித்தால்தான் பிறக்கும். வெள்ளிக்கிழமை விடியற்காலை 2 மணிக்குப் பிறந்த குழந்தையைப் பாட்டி வியாழக்கிழமைப் பிள்ளை என்றுதான் சொல்வார். சட்டத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் நாள் நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடிகிறது. ஒரு தேதியை மட்டும் கெடுவாகப் போட்டு, வேறு எதுவும் சொல்லாவிட்டால், அந்தத் தேதி முழுவதும் உங்களுடையது என்பது ஆங்கிலச் சட்ட மரபின் பழைய நிலைப்பாடு.

இதற்கும் லண்டனில் ஒரு வழக்கு இருக்கிறது, ‘அஃபோவோஸ்’ என்ற கப்பலின் பெயரால். கப்பலை வாடகைக்கு எடுத்த இத்தாலிய நிறுவனம் 1979 ஜூன் 14 அன்று வாடகைத் தவணையைக் கட்ட வேண்டும். அவர்களுடைய வங்கி அனுப்பிய டெலக்ஸ், எண் தவறிப்போனதால் சேர வேண்டிய வங்கிக்குச் சேரவில்லை. பணம் வரவில்லை என்று பார்த்த கப்பல் உரிமையாளர்கள் அன்று மாலை 4.40-க்கே ‘தவணை தவறிவிட்டீர்கள்’ என்று நோட்டீஸ் விட்டார்கள். வங்கிகள் மூடும் நேரம் ஆகிவிட்டது, இனி இன்று பணம் வர வழியே இல்லை, ஆகவே தவறியதுதான் என்பது அவர்கள் வாதம். பிரபுக்கள் சபை 1983-இல் இதை ஏற்கவில்லை. கட்டுவதற்கு ஜூன் 14 நள்ளிரவு வரை நேரம் உண்டு. நள்ளிரவு கழிவதற்குள் விட்ட நோட்டீஸ் முந்திப்போனது, செல்லாது.

கடன் வசூலிக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். இன்றைய தேதிக்குள் கட்டவேண்டிய தொகைக்கு இன்று மாலையே ‘தவறிவிட்டீர்கள்’ என்று கடிதம் எழுதாதீர்கள். விடிந்ததும் எழுதுங்கள். ஒரு இரவு பொறுப்பதால் நட்டமில்லை. அவசரப்பட்டு அனுப்பிய கடிதம் வீணாகிவிட்டால் அடுத்து எண்ணத் தொடங்கும் நாட்களெல்லாம் வீண்.

கிடங்கு எடுத்துக்காட்டையும் இந்தக் கப்பல் வழக்கையும் அடுத்தடுத்துப் படித்தால் முரண்போலத் தோன்றும். கிடங்கில் மாலையில் முடிந்த நாள், கப்பல் வாடகையில் நள்ளிரவு வரை நீள்கிறதே? அமெரிக்க மத்திய நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதி ஒன்று இந்தக் குழப்பத்தை ஒரே மூச்சில் பிரித்துக் காட்டுகிறது. 2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த அந்தத் திருத்தத்தின்படி, கடைசி நாள் என்பது இணையவழியில் தாக்கல் செய்பவருக்கு நீதிமன்றம் இருக்கும் பகுதியின் நேரப்படி நள்ளிரவில் முடிகிறது. வேறு வழியில் தாக்கல் செய்பவருக்கு எழுத்தர் அலுவலகம் மூட வேண்டிய நேரத்தில் முடிகிறது. ஒரே நாள்தான், ஆனால் இரண்டு முடிவு. மறுமுனையில் வாங்கிக்கொள்ள மனிதர் தேவையா, இயந்திரமே போதுமா என்பதைப் பொறுத்து அது மாறுகிறது. (இதையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஃபிலடெல்ஃபியாவில் இருக்கும் மூன்றாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஜூலை 1 முதல் இணையத் தாக்கலுக்கும் மாலை 5 மணி என்று வைத்துவிட்டது. நள்ளிரவு வரை வழக்கறிஞர்களையும் ஊழியர்களையும் உட்காரவைக்க வேண்டாம் என்ற எண்ணம்.)

அலுவலகத்துக்குள் பேசும்போது மட்டும் ‘எண்ட் ஆஃப் டே’ பெரும்பாலும் நள்ளிரவைக் குறிப்பதில்லை. மேலாளர் மதியம் 3 மணிக்கு ‘இ.ஓ.டி.க்குள் அந்த ஷீட் வேணும்’ என்று எழுதினால், அவர் வீட்டுக்குக் கிளம்புமுன் பார்க்க வேண்டும் என்பதே பொருள். இரவு 11.50-க்கு அனுப்பிவிட்டு ‘நாள் இன்னும் முடியலையே சார்’ என்று சொல்கிறவரின் வாதம் அகராதிப்படி சரி. அவருக்கு அடுத்த இன்கிரிமெண்ட் எப்படி இருக்கும் என்பது வேறு விஷயம். வங்கிக்காரர்களுக்கோ அது இன்னொரு பொருள்: அன்றைய கணக்கை முடித்துத் தேதியை மாற்றும் வேலை. 2020 டிசம்பர் 14 முதல் ஆர்.டி.ஜி.எஸ். இரவு பகலாக ஓடுகிறது என்றாலும், நாள் முடிக்கும் வேலைக்கும் அடுத்த நாள் தொடங்கும் வேலைக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. ‘24 மணி நேரமும்’ என்ற விளம்பரத்தை நம்பிக் கடைசி நிமிடத்தில் பெரிய தொகையை அனுப்ப உட்கார்ந்தால் அந்த இடைவெளியில் மாட்டிக்கொள்ளலாம்.

‘இரவு 12 மணி’ என்று யாராவது கெடு வைத்தால் உடனே திருப்பிக் கேளுங்கள். ‘25-ஆம் தேதி இரவு 12 மணி’ என்பது 24 முடிந்து 25 பிறக்கும் நேரமா, 25 முடிந்து 26 பிறக்கும் நேரமா? நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் ரயிலுக்கு ஒரு நாள் தள்ளிப் போய் நின்றவர்கள் நம் குடும்பங்களிலேயே இருப்பார்கள். டி.என்.பி.எஸ்.சி. தன் அறிவிக்கைகளில் 12 என்று போடாமல் இரவு 11.59 என்று போடுவது இந்தத் தகராறே வேண்டாம் என்றுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு

இனி ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். திருப்பூரில் ஒரு பின்னலாடைக் கம்பெனி, லண்டனில் பையர். இருவருக்குமான ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சரக்கில் குறை என்று பையர் கிளெய்ம் அனுப்பினால், அது கிடைத்ததிலிருந்து 3 வேலைநாட்களுக்குள், அலுவல் முடியும் நேரத்துக்குள் மறுப்பு அவரிடம் வந்து சேர வேண்டும்; இல்லாவிட்டால் கிளெய்மை ஒப்புக்கொண்டதாக ஆகும். அலுவல் முடிந்த பிறகு ஓர் இடத்தில் கிடைக்கும் நோட்டீஸ் அடுத்த வேலைநாளில் கிடைத்ததாகக் கொள்ளப்படும். வேலைநாள் என்பது சனி, ஞாயிறு தவிர லண்டனில் வங்கிகள் திறந்திருக்கும் நாள்.

2025 அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை. தீபாவளி முடிந்து நான்கு நாள். ஊருக்குப் போன ஆட்கள் பாதிப்பேர் திரும்பவில்லை. இரவு 10.40-க்கு கிளெய்ம் மின்னஞ்சல் வந்து விழுகிறது. லண்டனில் அப்போது மாலை 6.10. மறுநாள் காலை மெர்ச்சண்டைசர் பெண் முதலாளியிடம் ஓடுகிறார்: “நேத்து நைட்டே மெயில் வந்துருச்சுங்ணா. மூணு நாள்னு போட்டிருக்காங்க, திங்கக்கிழமையே முடிஞ்சிருமாட்டங்ணா?”

முதலில் பார்க்க வேண்டியது, மெயில் எங்கே கிடைத்தது என்பது. பெறுபவர் திருப்பூரில் இருக்கிறார். கம்பெனி அலுவலகம் வழக்கமாக 7 மணிக்கு மூடுகிறது. 10.40 என்பது அலுவல் முடிந்த பிறகு. ஆகவே வெள்ளியன்று கிடைத்ததாகக் கணக்கில்லை, அடுத்த வேலைநாளுக்குத் தள்ள வேண்டும். சனிக்கிழமை திருப்பூரில் மிஷின் ஓடும். ஆனால் ஒப்பந்தம் வேலைநாளுக்கு லண்டன் வங்கியை அளவாக வைத்திருக்கிறது. எனவே திங்கள், அக்டோபர் 27-இல் கிடைத்ததாகக் கொள்கிறோம்.

அடுத்து எண்ணிக்கை. ‘கிடைத்ததிலிருந்து’ என்றால் கிடைத்த நாளை விட்டுவிட்டு எண்ணுவதே வழக்கம். நம் பொதுச் சொற்கூறுகள் சட்டமும், 1897-ஆம் ஆண்டுச் சட்டம் அது, ‘முதல்’ என்ற சொல் வரும் இடத்தில் தொடக்க நாளை விலக்கித்தான் எண்ணச் சொல்கிறது. ஆக 28, 29, 30. கடைசி நாள் வியாழக்கிழமை, அக்டோபர் 30.

இப்போது மணி. மறுப்பு போய்ச் சேர வேண்டிய இடம் லண்டன், ஆகவே அங்கே ஷட்டர் இறங்கும் நேரம். பையரின் மின்னஞ்சல் அடியில் அலுவலக நேரம் 9 முதல் 5.30 என்று இருக்கிறது. லண்டன் 5.30 என்றால் இந்திய நேரம் இரவு 10 மணி என்று மெர்ச்சண்டைசர் பழக்கத்தில் சொல்வார். இந்த வாரம் அது தவறு. அக்டோபர் 26, ஞாயிறு அதிகாலையில் பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு நகர்த்திவிட்டார்கள். வித்தியாசம் நாலரை மணியிலிருந்து ஐந்தரை மணியாகிவிட்டது. 30-ஆம் தேதி லண்டன் மாலை 5.30 இந்தியாவில் இரவு 11 மணி. இலையுதிர்காலத்து மாற்றம் நமக்குச் சாதகம், ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. மார்ச் கடைசி ஞாயிறன்று வரும் மாற்றம் எதிர்ப்பக்கம்: போன வாரம் இரவு 11-க்கு முடிந்த கெடு இந்த வாரம் 10-க்கே முடிந்துவிடும். வெளிநாட்டுக் கெடுவைக் கோட்டைவிடுகிறவர்களில் பலர் அந்த வாரத்தில்தான் மாட்டுகிறார்கள். அமெரிக்காவில் கடிகாரம் மாறும் ஞாயிறு வேறு என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

ஆக, நம் கணக்கில் அக்டோபர் 30 இரவு 11 மணி வரை நேரம் இருக்கிறது. அன்றுவரை காத்திருக்கலாமா? கூடாது. எதிர்த்தரப்பு வக்கீல் இதே மூன்று வரியை எப்படிப் படிப்பார் என்று யோசியுங்கள். ‘மின்னஞ்சல் உங்கள் சர்வரில் வெள்ளியன்றே விழுந்துவிட்டது, ஏற்றுமதிக் கம்பெனியில் இரவு 10.40-க்கும் ஆள் இருப்பார்கள், லேமன் வழக்கு அதைத்தான் சொல்கிறது’ என்பார். அவர் கணக்கில் 27, 28, 29. கெடு புதன்கிழமை முடிகிறது. இன்னும் கறாரானவர் வெள்ளியையும் முதல் நாளாகச் சேர்த்து எண்ணிச் செவ்வாய் என்பார். அது பலவீனமான வாதம், ஆனாலும் வாதம்தான். அதனால் செவ்வாய், 28-ஆம் தேதி, இந்திய நேரம் மாலைக்குள் மறுப்பு போய்விட்டால் எந்தக் கணக்குப்படியும் யாரும் குறை சொல்ல முடியாது. 30 இரவு 11 என்பது, ஏதாவது தடங்கல் வந்து தாமதமாகிவிட்டால் எடுத்து நீட்ட வைத்திருக்கும் வாதம். அதைத் திட்டமாக வைத்துக்கொள்ளக் கூடாது.

அனுப்புவதிலும் ஒரு சூட்சுமம். கெடு ‘வந்து சேர’ என்பதால் நீங்கள் பொத்தானை அழுத்திய நேரம் உங்களைக் காப்பாற்றாது. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பெறுபவர் இன்ன முகவரிக்கு அனுப்பு என்று குறித்திருந்தால், அந்த முகவரிக்குரிய கணினி அமைப்புக்குள் செய்தி நுழையும் நேரமே பெற்ற நேரம் என்கிறது. வேறு முகவரிக்கு அனுப்பினால், அவர் எடுத்துப் பார்க்கும் நேரம்தான். எனவே ஒப்பந்தத்தில் நோட்டீசுக்கென்று எழுதியிருக்கும் முகவரிக்கே அனுப்புங்கள். தினமும் பேசிப் பழகிய ஆளின் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். குறைபட்ட துணிகளின் படங்களையெல்லாம் ஒரே மெயிலில் சேர்த்தால் அளவு தாண்டித் திரும்பி வரும். ஜிமெயிலிலேயே 25 எம்.பி.தான். முதலில் மறுப்பை வெறும் எழுத்தாக அனுப்பி, படங்களை அடுத்த மெயிலில் அனுப்பலாம்.

பின்னால் தகராறு வந்தால் எந்த நேரம் பேசும்? பெற்றவர் பக்கத்து மெயிலின் முழுத் தலைப்பைத் திறந்தால் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
Received: by mx.example.co.uk; Thu, 30 Oct 2025 17:21:08 +0000
```

கடைசியில் இருக்கும் `+0000` அது எந்த நேரக்கணக்கு என்று சொல்கிறது. இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணியைக் கூட்டினால் இரவு 10.51. இதில் `Date:` என்று வரும் வரி அனுப்பியவர் கணினியின் கடிகாரம். அது தவறாகவும் இருக்கலாம். மேலே சொன்ன `Received:` வரி பெற்றவரின் சர்வர் போட்ட முத்திரை, தபால் பிரிவு சீல் மாதிரி. சிக்கல் என்னவென்றால் அந்த முத்திரை அவர்களிடம் இருக்கிறது, உங்களிடம் இல்லை. ஆகவே ‘கிடைத்தது என்று ஒரு வரி பதில் போடவும்’ என்று மறுப்பின் முடிவிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

இணையவழி டெண்டரில் இதே பாடம் இன்னும் கடுமையாக இருக்கும். tntenders.gov.in போன்ற தளங்களில் திரையில் ஓடும் சர்வர் கடிகாரம்தான் கடிகாரம். உங்கள் கைக்கடிகாரம் இரண்டு நிமிடம் பின்தங்கியிருந்தால் அது உங்கள் கஷ்டம். கோப்புகளையெல்லாம் ஏற்றிவிட்டதால் டெண்டர் போய்விட்டது என்று நினைத்துவிடவும் கூடாது. `Freeze Bid Submission` என்ற பொத்தானை அழுத்தி, தேதியும் மணியும் போட்ட ஒப்புகை வந்த பிறகுதான் அது போட்டதாக ஆகும். அந்தப் பொத்தானை அழுத்தாமல் டீ குடிக்கப் போனவர்களை எனக்குத் தெரியும்.

விடுமுறை வந்தால்

கெடு முடியும் நாள் விடுமுறையாக இருந்தால் அடுத்த நாளுக்கு நகரும் என்று எல்லோரும் நம்புகிறோம். சட்டம் விதித்த கெடுவுக்கு, நீதிமன்றத்திலோ அலுவலகத்திலோ செய்யவேண்டிய காரியத்துக்கு, அது பெரும்பாலும் உண்மை; பொதுச் சொற்கூறுகள் சட்டத்தின் 10-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் உண்டியலும் கடனுறுதிச் சீட்டும் எதிர்த்திசையில் போகும். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி, முதிர்வு நாள் பொது விடுமுறையாக இருந்தால் அதற்கு முந்தைய வேலைநாளிலேயே முதிர்ந்துவிடும். தனியார் ஒப்பந்தத்தில் இரண்டும் தானாக வராது. எழுதியிருந்தால் உண்டு, எழுதாவிட்டால் சண்டை.

நீங்கள் எழுதும்போது

நோட்டீஸ் எழுதும் இடத்தில் நீங்கள் இருந்தால் இத்தனையும் ஒரே வாக்கியத்தில் தீர்ந்துவிடும். ‘வெள்ளிக்கிழமை அலுவல் முடிவதற்குள் அனுப்பவும்’ என்று எழுதாமல் இப்படி எழுதுங்கள்:

‘14-11-2025 வெள்ளிக்கிழமை, இந்திய நேரம் மாலை 5.00 மணிக்குள், கீழே உள்ள மின்னஞ்சல் முகவரியில் எங்களுக்குக் கிடைக்கும்படி அனுப்பவும். அதற்குப் பின் கிடைப்பது அடுத்த வேலைநாளில் கிடைத்ததாகக் கொள்ளப்படும். திங்கள் முதல் சனி வரை, தமிழ்நாடு அரசு விடுமுறை நாட்கள் நீங்கலாக, வேலைநாட்கள்.’

தேதியும் கிழமையும் சேர்ந்திருப்பதால் ஒன்று தவறிப்போனாலும் மற்றது காட்டிக்கொடுக்கும். ‘இந்திய நேரம்’ என்ற இரண்டு சொற்கள் துபாயில் இருப்பவருக்கும் சிங்கப்பூரில் இருப்பவருக்கும் ஒரே மணியைச் சொல்கின்றன. ‘கிடைக்கும்படி’ என்ற சொல் இல்லாவிட்டால், அனுப்பினேன் என்பதே போதும் என்று ஒருவர் வாதாடலாம். 5 மணி என்று போட்டால் அந்த முகவரியை 5 மணிக்கு ஒருவர் உண்மையிலேயே திறந்து பார்க்க வேண்டும். சனிக்கிழமையும் வேலைநாள் என்று எழுதிவிட்டால் சனிக்கிழமை அலுவலகம் திறந்திருக்க வேண்டும்.

மங்கலான நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்துவிட்டால், வந்த அன்றே ஒரு வரி எழுதிக் கேளுங்கள்: ‘தாங்கள் குறிப்பிடும் கெடு, லண்டன் நேரம் வியாழன் மாலை 5.30 என்று புரிந்துகொள்கிறோம். வேறாக இருந்தால் இன்றே தெரிவிக்கவும்.’ பதில் வந்தால் மணி நிச்சயமாகிவிட்டது. பதில் வராவிட்டால், நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்பதற்கு எழுத்தில் ஒரு சான்று இருக்கும். ஆனாலும் அனுப்பும்போது செவ்வாய்க்கிழமையே அனுப்பிவிடுங்கள்.